யாரிடம் பேசுகிறான் இவன்?

வகுப்பறைக்குள் ஒரு நடை – 14

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் முதலாண்டுக்காரர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் ஒப்படைப்பு ஒன்று உண்டு. 'பியாஜேயின் படிநிலைக் கோட்பாட்டையும் வைகாட்ஸ்கியின் சமூகக் கோட்பாட்டையும் ஒப்பிடுக.' வருகிற தாள்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பியாஜே, நான்கு படிநிலைகள், வயதுகள். வலப்பக்கம் வைகாட்ஸ்கி, சமூகம், மொழி, அண்மை வளர்ச்சி மண்டலம். அதோடு 'சாரம் கட்டுதல்' என்ற சொல்லையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். அது 1976-இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில் வந்தது. வைகாட்ஸ்கி 1934-லேயே காலமாகிவிட்டார்.

அந்தப் பிழையைச் சுழித்துவிடலாம். கோட்டை என்ன செய்வது? கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதில் மோதினார்கள் என்று தாளைப் படித்தால் தெரியாது. ஒரே குழந்தையை, ஒரே செயலை இருவரும் பார்த்து வேறுவேறாகச் சொல்லும் இடம் கிடைத்தால்தான் ஒப்பீடு தொடங்கும். அப்படி ஓர் இடம் கிடைத்தது ஒரு மாணவியின் கவனிப்புக் குறிப்பேட்டிலிருந்து.

பள்ளிக்குக் கவனிப்புக்காகப் போனவர், ஒன்றாம் வகுப்பில் ஐந்தரை வயதுப் பையன் பேருந்து வரைவதைப் பார்த்து, அவன் சொன்னதை அப்படியே எழுதி வந்திருந்தார். "இங்க ஒரு சக்கரம்... இங்க ஒண்ணு... அய்யோ, பச்சையக் காணோம். சரி, நீலம் அடிச்சிக்கலாம். மழையில நனைஞ்ச பஸ்ஸு." பக்கத்தில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேடம், இவன் யார்கிட்ட பேசுறான்?" என்று கேட்டார் மாணவி.

கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன் பியாஜே கேட்ட கேள்வி இது. ஜெனீவாவின் ஒரு சிறுவர் பள்ளியில் ஆறு வயதுப் பையன்கள் இருவர் சுமார் ஒரு மாதம் பேசியதையெல்லாம் எழுதிவைத்து, 1923-இல் வந்த தம் முதல் உளவியல் நூலில் அவர் வகைப்படுத்தினார். திருப்பிச் சொல்லுதல், தனக்குத்தானே பேசுதல், பலர் நடுவே இருந்தும் எவருக்குமாக இல்லாமல் பேசுதல் ஆகிய மூன்றையும் 'தன்மையப் பேச்சு' என்றார். ஒரு பையன் தானாகப் பேசியதில் அது 47 சதவீதம், மற்றவன் தானாகப் பேசியதில் 43. கேட்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தன் இடத்தைவிட்டு நகர்ந்து பார்க்கக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் இப்படிப் பேசுகிறது என்பது அவர் விளக்கம். பேச்சு படம் வரைவதற்குத் துணை வருகிறதே தவிர அதனால் ஒரு வேலையும் நடப்பதில்லை. ஏழெட்டு வயதில், சக பிள்ளைகளோடு வாதாடி வாதாடி, உரையாடல் கைவந்ததும் அது உதிர்ந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பியாஜேயின் குழந்தை தனி ஆள்' என்று இடப்பக்கத்தில் எழுதுகிறார்களே, அது முழு உண்மை இல்லை. சகாக்களின் சண்டைதான் குழந்தையை அதன் தன்மையத்திலிருந்து வெளியே இழுக்கிறது என்று சொன்னவரே அவர்.

மாஸ்கோவில் வைகாட்ஸ்கி இந்தப் பேச்சை நம்பினார், விளக்கத்தை நம்பவில்லை. வேலைக்கு உதவாத பேச்சு என்றால் வேலை தடைபட்டாலும் அது கூடக் கூடாது. ஆகவே வேண்டுமென்றே தடை போட்டார். படம் வரையச் சொல்லிவிட்டு, தேவையான நேரத்தில் வண்ணப் பென்சிலோ தாளோ இல்லாதபடி செய்தார். தன்மையப் பேச்சு ஏறக்குறைய இரு மடங்கானது. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் முனை ஒடிந்தது. "உடைஞ்சு போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, நீர்வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த வண்டி ஒன்றை வரைந்தது. முனகல் முதலில், புதுத் திட்டம் பிறகு. நம் பையனின் 'மழையில நனைஞ்ச பஸ்'ஸும் இதே சாதிதான்.

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. குழந்தைக்குத் தன்மையப் பேச்சு வருவது பிறரை மனத்தில் கொள்ளாததால்தான் என்றால், புரிந்துகொள்ள ஆளே இல்லாத இடத்தில் அது குறையக் காரணமில்லை. வைகாட்ஸ்கி பிள்ளைகளைக் காது கேளாத குழந்தைகளுடனும் வேற்றுமொழிக் குழந்தைகளுடனும் உட்காரவைத்தார். பக்கத்தில் பெருஞ்சத்தம் எழுப்பினார். பேச்சு சரசரவென்று குறைந்தது. அப்படியானால் தனக்குத்தானே பேசும்போதும் யாரோ கேட்கிறார்கள் என்ற எண்ணம் அடியில் இருந்திருக்கிறது. பேச்சு முதலில் பிறரோடு பிறந்தது. அதிலிருந்து தனக்கான ஒரு கிளை பிரிந்து உள்ளே போகிறது என்பது அவர் முடிவு. உதிர்வதில்லை, ஒலி மட்டும் அடங்குகிறது.

இருவரில் யார் சரி என்று பார்க்க அவர் காட்டிய இன்னொரு வழியும் எனக்குப் பிடிக்கும். சாகப்போகிற பேச்சு என்றால் வயது ஏற ஏற அது சாதாரணப் பேச்சைப் போல் ஆகிக்கொண்டே வர வேண்டும். நடப்பது தலைகீழ். மூன்று வயதில் அதற்கும் சாதாரணப் பேச்சுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். ஏழு வயதில் எழுவாய் எல்லாம் விழுந்து, அரைச் சொல்லாக, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாததாக ஆகிவிடுகிறது.

பியாஜே இதற்குப் பதில் எழுதியது 1962-இல், வைகாட்ஸ்கி இறந்து 28 ஆண்டுகள் கழித்து. சிலவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் பிறர் பார்வைக்கு இடம்பெயர முடியாமை என்று தாம் சொன்னது வேறு விஷயம், அது அப்படியே நிற்கிறது என்றார். பொய்யில்லை. தொலைபேசியில் பாட்டி பேசும்போது தன் புதுச் சட்டையை விரலால் சுட்டி "இதுதான் பாட்டி" என்று காட்டும் குழந்தையை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதற்கு வைகாட்ஸ்கியைவிட பியாஜேதான் நல்ல விளக்கம் தருகிறார்.

ஆகவே இந்த ஆண்டு ஒப்படைப்பை மாற்றினேன். கோடு போடாதே, ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்து எழுது, இந்த இரண்டு கோட்பாடுகளும் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும், எங்கே வேறுபடும், அதைச் சொல். எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. எது தனக்கான பேச்சு என்று எப்படித் தீர்மானிப்பது? பேசும்போது யாரையாவது பார்த்தானா, பெயர் சொன்னானா, பதிலுக்கு நின்றானா என மூன்றையும் ஒவ்வொரு பேச்சுக்கும் குறிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் ஆசிரியரின் முறைப்புக்குப் பயந்து அடக்கிய பேச்சையும் கிசுகிசுப்பையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவார்கள். "சத்தம் போடாம வரை" என்று வகுப்பாசிரியர் ஒருமுறை அதட்டிவிட்டால் அன்றைய பதிவு பயனில்லை. அது குழந்தையின் வயதைக் காட்டாது, வகுப்பின் கெடுபிடியைத்தான் காட்டும்.

முதலில் கேள்வி கேட்ட மாணவி திரும்பவும் அதே பையனிடம் போனார். வகுப்பாசிரியரின் அனுமதியோடு பச்சைக் கிரேயானை எடுத்து ஒளித்துவைத்தார். முதல் நாள் எதிர்பார்த்தபடியே முனகல் கூடியது. மறுநாள் ஒரு சொல்லும் இல்லை. பையன் அங்குமிங்கும் தேடிவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து பச்சையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

"மேடம், ரெண்டாம் நாள் எந்தக் கோட்பாட்டுக்கும் ஒத்து வரலை. அதை விட்டுடட்டுமா?" என்றார்.

விடக் கூடாது என்றேன். கடைசிப் பக்கத்தில் அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.