எண்ணெய் விற்கும் மெசேஜை எப்படி எழுதுவது?

வீட்டிலிருந்தே செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒருவர், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“அன்பு வாடிக்கையாளரே! 100% சுத்தமான நல்லெண்ணெய்! சர்க்கரை, மூட்டுவலி தீரும்! இன்று மட்டும் 20% தள்ளுபடி!”

எண்ணெய் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் இந்த மெசேஜ் அவருக்குக் கெடுதல்தான் செய்யும். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நாளைக்கும் அதே விலைக்குக் கொடுக்கப்போகிறவர் ‘இன்று மட்டும்’ என்று அவசரப்படுத்துவதும் தவறு. நுகர்வோரை ஏமாற்றும் உத்திகள் பற்றி மத்திய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பொய்யான அவசரமும் ஒன்று.

அதைவிடப் பெரிய சிக்கல், எண்கள் எங்கிருந்து வந்தன என்பது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்காகச் சேர்ந்தவர் எண்ணெய் விளம்பரத்துக்குச் சம்மதம் தரவில்லை. தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால், தடைசெய்யவும் புகார் செய்யவும் திரையிலேயே வழி இருக்கிறது. புகார் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ்கள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். புகார்கள் சேர்ந்தால் கணக்கு முடங்கலாம். பழைய வாடிக்கையாளரின் ஆர்டர்களும் அதே எண்ணில்தானே வருகின்றன? முடங்கினால் செயலியிலேயே மறுபரிசீலனை கேட்கலாம். திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே முதலில் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்பு வாங்கியவர்கள், தாங்களே விசாரித்தவர்கள், இன்னொருவர் சொல்லி வந்தவர்கள் என்று மூன்றே வகை போதும். இதில் எதிலும் அடங்காத எண்ணை நீக்கிவிடுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது நல்ல வடிகட்டி.

முன்பு வாங்கியவருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் மீனா அக்கா, செக்கு எண்ணெய் செல்வி பேசறேன். தீபாவளிக்கு ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினீங்க. இந்த வாரம் கருப்பட்டி சேர்த்துப் புதுசா ஆட்டியிருக்கோம், லிட்டர் 420 ரூபாய். வேணும்னா சொல்லுங்க, வியாழக்கிழமை கொண்டு வந்து தர்றேன். இனிமே மெசேஜ் வேண்டாம்னா ‘வேண்டாம்’னு போடுங்க, அனுப்ப மாட்டேன்.”

யார், எப்படித் தெரியும், என்ன விலை, எப்படி நிறுத்துவது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ‘சுத்தமான’ என்ற சொல்லே இல்லை. அந்த நம்பிக்கையை, தீபாவளிக்கு வாங்கிய ரெண்டு லிட்டர் தருகிறது. விசாரித்தவருக்கு எழுதும்போது அவர் கேட்ட கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்குங்கள். இன்னொருவர் சொல்லி வந்தவர் என்றால், முதலில் அந்த இன்னொருவரிடம், “அவங்ககிட்ட கேட்டுட்டு நம்பர் தாங்க, உங்க பேரைச் சொல்லலாமா?” என்று கேளுங்கள். புதியவருக்கு அனுப்பும்போது உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அதை அவர் foscos.fssai.gov.in தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நெருக்கம் காட்டுவதற்கும் எல்லை உண்டு. “உங்க மாமியாருக்கு மூட்டுவலின்னு கேள்விப்பட்டேன்” என்று எழுதினால், இவருக்கு எப்படித் தெரியும் என்ற பயம்தான் வரும். அவர் உங்களிடம் நேரில் சொன்னதையும் உங்களிடம் வாங்கியதையும் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். பதில் இல்லையென்றால், ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை கேட்கலாம். “பார்த்துட்டும் பதில் போடலையே” என்று கேட்பது நச்சரிப்பு.

இதையே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினால் விதி வேறு. பதிவு செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது என்கின்றன டிராய் விதிகள். வாங்குபவராக உங்களுக்கே அப்படி வந்தால் ஏழு நாட்களுக்குள், உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு 1909 எண் வழியாகப் புகார் செய்யலாம். வாட்ஸ்அப் இதில் வராது. அங்கே செயலியின் புகார் வசதிதான் முதல் வழி. விற்பவர் முன்பணம் வாங்கிவிட்டுப் பொருளைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளே போலி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. அதற்கான பிரிவுகள் நடைமுறைக்கு வர, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். ‘வேண்டாம்’ என்று பதில் வந்த எண்ணை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.