105-க்கு அடுத்து 134 எப்படி வந்தது?

கணக்குத் தணிக்கைக்கு வருபவர் ரசீதுப் பட்டியலைப் புரட்டுகிறார். 105-க்கு அடுத்த ரசீது 134. நடுவில் இருந்த 28 ரசீதுகளை யாராவது அழித்துவிட்டார்களா? பெரும்பாலும் இல்லை. அந்த எண்களில் ரசீதே போடப்பட்டிருக்காது.

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுதளங்களில் வரிசை எண் கொடுப்பதற்கென்றே 'சீக்வென்ஸ்' என்று ஒன்று உண்டு. கேட்டவருக்கு அடுத்த எண்ணைக் கொடுக்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

```
BEGIN;
SELECT nextval('rasidhu_en');  -- 101
ROLLBACK;
SELECT nextval('rasidhu_en');  -- 102
```

இங்கே ரோல்பேக் செய்ததும் மற்ற மாற்றங்கள் எல்லாம் ரத்தாகிவிடும். 101 மட்டும் போனது போனதுதான். ஏன் இந்தப் பிடிவாதம்? ஒரு கவுன்டரில் 101 வாங்கியவர் இன்னும் பணம் கட்டி முடிக்கவில்லை. பக்கத்து கவுன்டரில் 102 வாங்கியவர் வேலையை முடித்துப் போய்விட்டார். இப்போது முதல்வர் வேண்டாம் என்று விலகினால் 101 காலியாகத்தான் இருக்கும். இடைவெளியே கூடாது என்றால், முதல்வர் முடிக்கும்வரை இரண்டாமவரைக் காக்கவைக்க வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் நூறு பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

மின்சாரம் திடீரென்று போகும்போது நடப்பது வேறு. ஒவ்வோர் எண்ணைக் கொடுக்கும்போதும் வட்டில் குறித்துவைத்தால் வேகம் குறையும். அதனால் போஸ்ட்கிரெஸ் 101-ஐக் கொடுக்கும்போதே, மேலும் 32 எண்களைச் சேர்த்து, '133 வரை கொடுத்தாயிற்று' என்று தன் பதிவேட்டில் எழுதிவிடுகிறது. 105 வரை கொடுத்த நிலையில் சர்வர் விழுந்தால், எழுந்தபின் பதிவேட்டைப் பார்த்து 134-இல் தொடங்கும். முறையாக நிறுத்தித் தொடங்கினால் இந்தத் தாவல் வராது. எஸ்க்யூஎல் சர்வரில் இப்படி ஆயிரம் எண்கள்கூடத் தாவுவதுண்டு. பார்த்தவர் பதறுவது இயல்புதான். ஆனால் ஒரே எண் இரண்டு பேருக்குப் போனால் வரும் குழப்பத்தோடு ஒப்பிட்டால், சில எண்கள் வீணாவது ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே கடைசி எண் 134 என்பதால் 134 ரசீதுகள் இருப்பதாக நினைக்கக் கூடாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் `count(*)` போட்டு எண்ணத்தான் வேண்டும். அதேபோல, வெறும் இடைவெளியை வைத்து யாரோ அழித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, அழிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் தீர, யார் எதை அழித்தார்கள் என்ற பதிவு தனியாக இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி விலைப்பட்டியல் மட்டும் இதில் விதிவிலக்கு. அதற்குத் தொடர் எண் வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த எண்ணை சீக்வென்ஸிலிருந்து எடுக்காதீர்கள். தனி அட்டவணையில் ஒரே ஒரு வரி வைத்து, பில் பதிவாகும் அதே பரிவர்த்தனைக்குள் அதை ஒன்று கூட்டி எடுங்கள். பில் ரத்தானால் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த வரிக்காக அடுத்தவர் சற்றுக் காத்திருக்க நேரும். அந்த வேலையை பில் போடும் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொண்டால் காத்திருப்பு குறையும்.