பாட்டியின் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில்

புதுமனை புகுவிழாவில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் நாற்காலியில் பாட்டி, சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை, அதுவே அதிசயம். ஆனால் பாட்டியின் வலது காலருகே, யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில். அதன் மேல்பாதி புடவைக் கரையைக் கொஞ்சம் மறைக்கிறது. அடிப்பாகம் இரண்டு டைல்கள் சேரும் கோட்டின்மேல் நிற்கிறது.

அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது கேமராவில் பதிவாகவே இல்லை. எனவே அதை நீக்கினால் விழும் ஓட்டையை, படத்தின் வேறொரு பகுதியிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்று மென்பொருளே தீர்மானித்தால் அது ‘கன்டென்ட் அவேர் ஃபில்’. அந்த இடத்தை நாமே காட்டினால் அது ‘குளோன் ஸ்டாம்ப்’.

முதலாவது வசதி 2010-ல் போட்டோஷாப் சிஎஸ்5 பதிப்பில் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் அடோபி நிறுவனமும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ‘பேட்ச்மேட்ச்’ என்ற ஆய்வு இதற்கு வழிவகுத்தது. ஓட்டையைச் சுற்றியுள்ள சிறு துண்டுகளுக்குப் பொருந்தும் துண்டுகளை அது படம் முழுக்கத் தேடும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும். ஓரிடம் பொருந்திவிட்டால், பக்கத்துத் துண்டுக்கும் அதனருகிலேயே தேடும். இப்படிச் சில சுற்றுகளில் ஓட்டை நிரம்பிவிடும். நிறமும் அமைப்பும் ஒத்துப்போனால் அதற்குப் போதும். எது தரை, எது பாட்டியின் கால் என்பது அதற்குத் தெரியாது.

இந்தப் படத்தில் வரும் முதல் கோளாறும் அதனால்தான். பாட்டிலை லாஸோவால் வளைத்து நிரப்பச் சொன்னால், அருகிலுள்ள பாதத்தின் ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிடலாம். பாட்டிக்கு ஆறாவது விரல் முளைக்கும்! இதைத் தவிர்க்க Edit > Content-Aware Fill திரையைத் திறக்க வேண்டும். எங்கிருந்தெல்லாம் எடுக்கப் போகிறது என்பதை அது பச்சை நிறத்தில் காட்டும். பாதம், நாற்காலிக் கால், புடவை ஆகியவற்றின் மேலுள்ள பச்சையைப் பிரஷ்ஷால் அழித்து, வெறும் தரையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். முடிவைப் புதிய லேயரில் வாங்கிக்கொண்டால் மூலப்படம் கெடாது.

பாட்டிலின் விளிம்பை ஒட்டி வளைப்பதும் தவறு. சில பிக்சல்களாவது வெளியே தள்ளி வளைக்காவிட்டால், பாட்டில் இருந்த இடத்தில் மெல்லிய கோடு பேய்போல் நிற்கும். தரையில் விழும் நிழலையும், பளபளப்பான டைலில் தெரியும் பிம்பத்தையும் சேர்த்தே வளைக்க வேண்டும். பொருள் போய் நிழல் மட்டும் மிஞ்சிய படங்கள் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

இப்போது தரையின் பரப்பு ஓரளவு சரியாகியிருக்கும். டைல் கோடு மட்டும் நடுவில் உடைந்தோ வளைந்தோ கிடக்கும். நேர்கோட்டைப் பிடிப்பதில் இந்தத் தானியங்கி முறை பலவீனமானது. அங்கேதான் குளோன் ஸ்டாம்ப் வேண்டும். புதிய லேயரில், Sample என்ற இடத்தில் Current & Below என்று வைத்துக்கொள்ளலாம். உடையாத பகுதியில் கோட்டின் சரியான நடுவில் Alt விசையோடு ஒரு கிளிக். பிறகு ஓட்டைக்குள் அதே கோடு தொடர வேண்டிய புள்ளியில் வைத்துத் தீட்டல். தூரத்தில் உள்ள டைல் கோடு படத்தில் மெலிந்து தெரியும். அதனால் மாதிரியை மிக அருகிலிருந்தே எடுக்க வேண்டும்.

புடவைக் கரையைத் தரைக்குப் பயன்படுத்திய அதே மென்மையான பிரஷ்ஷால் தீட்டினால், ஜரிகை அந்த இடத்தில் மட்டும் புகைபோல் மங்கும். அங்கே Hardness அளவைக் கூட்ட வேண்டும். கரைப் பகுதியை மட்டும் முதலில் தேர்வு செய்துகொண்டால் தீட்டல் தரைக்கு வழியாது. கரையில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் இருந்தால், ஒரு முழு வடிவத்தின் நீளம் தள்ளி மாதிரி எடுக்க வேண்டும். ஆனால் மடிப்பு விழுந்து கரை திரும்பும் இடமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

வேலை சரியா என்று பார்க்கப் படத்தை 100 சதவீத அளவில் வைத்து, பிறகு இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். பழகிய கண்ணுக்குத் தப்பியது அப்போது தெரியும். ஒரே கறை அல்லது கீறல் இரண்டு இடத்தில் இருந்தால் அதுதான் முதல் துப்பு.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அதே நாற்காலியில் அடுத்து அமர்ந்தவர்களின் படத்தில் பாட்டில் எடுக்கப்பட்டிருக்கலாம். கேமரா நகராமல், வெளிச்சம் மாறாமல் இருந்தால், இரண்டு படங்களையும் திறந்து, அதிலிருந்து Alt கிளிக் செய்து இதில் தீட்டலாம். குளோன் ஸ்டாம்ப் அதற்கும் இடம் தரும். புடவைக் கரைக்கு உதவாவிட்டாலும், நிஜமான தரையே கிடைத்துவிடும். ஆகவே ஸ்டூடியோவில் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் வாங்காமல், அன்று எடுத்த எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.