ஐந்து வட்டம், மூன்று பிழை

பிழைக் குறிப்பேடு என்பது திருத்தி வந்த விடைத்தாளிலும் கட்டுரை நோட்டிலும் உள்ள இலக்கணப் பிழைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் ஏன் நேர்ந்தது என்ற காரணத்தோடு மாணவர் எழுதி வைக்கும் தனி நோட்டு. பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவரைப் பேச அழைத்தால் அவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம்தான். அதில் பாதி நன்றி சொல்வதிலும், விடியற்காலையில் எழுந்து படித்த கதையிலும் போய்விடுவது வழக்கம். நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டும் பேச்சு, வெயிலில் நிற்கும் மாணவர்களுக்கு அதைவிடப் பயன்படும். அப்படி ஒரு பேச்சு இவ்வாறு அமையலாம்:

“ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். காலாண்டுத் தேர்வில் என் தமிழ்க் கட்டுரையின் முதல் மூன்று வரியிலேயே ஐந்து சிவப்பு வட்டம். திருத்தத்தைப் பத்து முறை எழுதினேன். அரையாண்டுத் தேர்விலும் அதே வட்டங்கள். அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். அதில் சரியான வாக்கியத்தை மட்டும் எழுதுவதில்லை. தவறாக எழுதியபோது என் மனத்தில் என்ன ஓடியது என்பதையும் எழுதுவேன். ‘சுவற்றில்’ என்று எழுதினேன். ஏன்? ‘கிணற்றில்’ போல இருக்கும் என்று நினைத்துவிட்டேன். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பிழை திரும்ப வரவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரு நேரத்தில் ஒரு பிழை. அவ்வளவுதான் என் முறை. நன்றி.”

இந்தப் பேச்சில் விரித்துச் சொல்ல நேரமில்லாமல் விட்டவைதான் நோட்டை வேலை செய்ய வைப்பவை. முதலாவது, வட்டங்களை எண்ணுவதும் பிழைகளை எண்ணுவதும் வேறு வேறு வேலை என்பது. அந்த மூன்று வரியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: “பாட்டியை பார்க்க ஊருக்கு போனேன். அங்கே ஒவ்வொரு வீடுகளிலும் சுவற்றில் படம் வரைந்திருந்தார்கள். வெளியே மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தது.” ஆசிரியர் ஐந்து இடத்தில் வட்டமிடுவார். ‘பாட்டியைப் பார்க்க’, ‘ஊருக்குப் போனேன்’ என்று இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்று ஒருமை வர வேண்டிய இடத்தில் பன்மை வந்திருக்கிறது. ‘மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன’ என்று பன்மை வர வேண்டிய இடத்தில் ஒருமை வந்திருக்கிறது. ஐந்தாவது, ‘சுவரில்’ என்று இருக்க வேண்டிய ‘சுவற்றில்’.

முதல் இரண்டு வட்டமும் ஒரே பிழை. ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபோ ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபோ வெளிப்படையாக நிற்க, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த வல்லின ஒற்று மிகும். அடுத்த இரண்டும் ஒருமை பன்மை மயக்கம் என்ற ஒரே தலைப்பில் அடங்கும். ஆக, ஐந்து வட்டம் மூன்று பிழையாகச் சுருங்குகிறது. விடைத்தாள் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து மலைத்துப் போகிற மாணவருக்கு இந்தக் கணக்கே பெரிய ஆறுதல். நோட்டில் பிழைக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், வட்டத்துக்கு ஒரு பக்கம் அல்ல. அடுத்த மாதம் ‘கடைக்கு போனேன்’ என்று எழுதினால் அது புதுப் பக்கத்துக்குப் போகாது; பழைய பக்கத்திலேயே தேதியோடு இன்னொரு வரியாகச் சேரும். எந்தப் பக்கத்தில் தேதிகள் கூடிக்கொண்டே போகின்றனவோ அங்கேதான் கோளாறு இருக்கிறது.

இரண்டாவது, காரணம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நோட்டு வெறும் இம்போசிஷன் நோட்டாகிவிடும். மூன்று பிழைக்கும் மூன்று வெவ்வேறு காரணம் இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ‘மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தது’ என்பது பேச்சு வழக்கு எழுத்தில் புகுந்ததால் வருவது. பேச்சில் ‘மாடுங்க மேயுது’ என்கிறோம். ‘மேய்கின்றன’ என்று யாரும் பேசுவதில்லை. அஃறிணைப் பன்மைக்கு உரிய ‘அன’ என்ற முடிவு காதில் விழாத ஒன்று, அதனால் காதை நம்பி இதைத் திருத்த முடியாது. வாக்கியத்தை முடிக்கும்போது எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் உதவும்.

ஒற்றுப்பிழை இதற்கு நேர்மாறானது. ‘ஊருக்குப் போனேன்’ என்று வாய் பெரும்பாலும் அழுத்திச் சரியாகவே சொல்கிறது. கை மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதுகிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளியில் ஒற்று தொலைந்துவிடுகிறது. இங்கே மருந்து, எழுதிய வாக்கியத்தை நிறுத்தாமல் வாய்விட்டு வாசிப்பது. ஒரே ஒரு ஒற்று பொருளையே மாற்றும் இடங்களும் உண்டு. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை.

‘சுவற்றில்’ மூன்றாவது வகை. தவறான ஒப்புமையால் வருவது. கிணறு, ஆறு, வயிறு, சோறு ஆகியவை ‘று’ என்று முடிகின்றன. அவை வேற்றுமை உருபு ஏற்கும்போது ஒற்று இரட்டித்துக் கிணற்றில், ஆற்றில், வயிற்றில், சோற்றில் என்று ஆகும். சுவர் ‘ர்’ என்று முடியும் சொல். ஊர், தேர், வேர் ஆகியவற்றோடு சேர்ந்தது அது. ஊரில், தேரில், வேரில் என்பதுபோலச் சுவரில் என்றே வரும். பேச்சில் ‘கிணத்துல’ போலவே ‘செவுத்துல’ என்று சொல்வதால் இரண்டும் ஒரே இனம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நோட்டில் எழுத வேண்டியது இந்த முடிவைத்தான். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதில் பயனில்லை. எல்லாப் பிழைக்கும் பொருந்தும் காரணம் எந்தப் பிழையையும் தடுக்காது.

பக்கத்தின் அமைப்பு எளிது. இடப்பக்கத்தில் தேதியும் விடைத்தாளில் எழுதிய முழு வாக்கியமும் வரும். தவறான இடம் அடிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கத்தில் திருத்திய வாக்கியம், அதன் கீழே காரணம் ஒரு வரியில், விதி தம் சொந்தச் சொல்லில். கடைசியாக, அதே விதி வரும்படி தாமே அமைத்த இரண்டு புது வாக்கியம். வெறும் சொல்லை எழுதாமல் வாக்கியத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பாட்டியை’ என்ற சொல்லில் தனியே எந்தத் தவறும் இல்லை. ‘பார்க்க’ என்பது பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

எழுதிய பக்கத்தை மறுபடி மறுபடி வாசிப்பது நோட்டைப் பயன்படுத்தும் முறை அல்ல. வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு, இடப்பக்க வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தத்தையும் காரணத்தையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு தாளை எடுத்து ஒப்பிட வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை இங்கே கருதத்தக்கது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அவர்கள் சோதித்தது உரைநடைப் பத்திகளை, இலக்கணத்தை அல்ல. ஆனாலும் ‘படித்தவுடன் எல்லாம் தெரிந்தது, தேர்வில் மறந்துவிட்டது’ என்ற மாணவர் புலம்பலுக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை என்று மூடி எழுதிப் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்ற இடைவெளி.

நோட்டுப் போட்ட சில வாரங்களில் ஒரு புதுத் தொல்லை தலைகாட்டும். ஒற்று விடுபடக் கூடாது என்ற நினைப்பு முற்றி, வேண்டாத இடத்திலும் ஒற்று நுழையும். ‘படித்தப் பையன்’, ‘வந்துப் பார்த்தேன்’, ‘எனதுச் சட்டை’ என்றெல்லாம் விடைத்தாளில் வரத் தொடங்கும். இது நோட்டு தோற்றதன் அடையாளம் அல்ல, விதியைப் பாதி மட்டும் எழுதி வைத்ததன் விளைவு. அதனால் ஒற்றுக்கான பக்கத்தில் ‘மிகும்’ என்பதற்கு எதிரே ‘மிகாது’ என்பதையும் ஜோடியாக எழுத வேண்டும். ‘அந்தப் பையன்’ என்பதில் மிகும், ஏனென்றால் ‘அந்த’ சுட்டு. ‘படித்த பையன்’ என்பதில் மிகாது, ஏனென்றால் ‘படித்த’ பெயரெச்சம். ‘எடுத்துப் பார்த்தேன்’ என்பதில் மிகும், ‘வந்து பார்த்தேன்’ என்பதில் மிகாது. இரண்டும் ‘து’ என்றுதான் முடிகின்றன. ஆனால் ‘எடுத்து’ என்பதில் கடைசி எழுத்துக்கு முன்னால் ‘த்’ என்ற வல்லின மெய் நிற்கிறது, ‘வந்து’ என்பதில் மெல்லின மெய் நிற்கிறது. இலக்கண நூல்கள் முதலாவதை வன்தொடர்க் குற்றியலுகரம், இரண்டாவதை மென்தொடர்க் குற்றியலுகரம் என்று பிரிக்கும். பெயர் மறந்தாலும் கடைசிக்கு முந்திய எழுத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

தேர்வு அறைக்குள் நோட்டு வராது. அதன் சுருக்கம் மட்டும் தலையில் வரும். கட்டுரையை முடித்த பிறகு எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடினால் கண் எதையும் பிடிக்காது, பொருளோடு ஓடிவிடும். தம் நோட்டில் தேதிகள் அதிகமுள்ள ஒரு பிழையை மட்டும் குறி வைத்து ஒரு முறை, இரண்டாவது பிழைக்காக இன்னொரு முறை என்று வாசிப்பது பயன் தரும். ஒருமை பன்மையில் தடுமாறுபவர் ‘கள்’ என்று முடியும் எழுவாயை மட்டும் தேடி, அதன் வினைமுற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம்.

எல்லாவற்றையும் இந்த நோட்டில் ஏற்ற முடியாது. அவசரத்தில் ஒரே ஒரு முறை புள்ளி வைக்க மறந்தது பிழைக் கணக்கில் வராது; இரண்டாவது முறை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வினைத்தொகை என்றால் என்ன என்றே தெரியாதவருக்கு நோட்டு உதவாது, பாடத்தைத்தான் படிக்க வேண்டும். ஆசிரியர் வட்டமிடாமல் விட்ட பிழையும் நோட்டுக்கு எட்டாது; ஐம்பது அறுபது கட்டுரைகளைத் திருத்துபவர் சிலவற்றை விடுவது இயல்பு. பக்கத்தில் அமரும் மாணவரோடு கட்டுரையை மாற்றி வாசித்தால் அவற்றில் பல அகப்படும். ‘நாட்கள்’ சரியா, ‘நாள்கள்’ சரியா என்பதுபோல அறிஞர்களே வேறுபடும் இடங்களைப் பென்சிலால் எழுதி, தம் ஆசிரியர் எதை ஏற்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பக்கம் எப்போது முடிகிறது என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். மூடி எழுதும் பயிற்சியில் சரியாக எழுதியது போதாது, அங்கே பிழையை எதிர்பார்த்தே மனம் உட்கார்ந்திருக்கும். வேறு எதையோ சொல்ல வேண்டும் என்ற நினைப்போடு எழுதிய மூன்று கட்டுரைகளில் தொடர்ந்து அந்தப் பிழை வரவில்லை என்றால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடலாம். பிழை திரும்பி வந்தால் கோட்டுக்குக் கீழே புதுத் தேதி விழும்.