வெள்ளி பூசிய லென்ஸும் ஒரு மைனஸ் குறியும்

கண் பரிசோதனை முடிந்ததும் கையில் தரும் சீட்டில் +2.50 என்றோ –1.75 என்றோ எழுதியிருக்கும். எண்ணைக் கவனிக்கும் நாம் அதன் முன்னால் நிற்கும் குறியைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குறிதான் முதல் செய்தி. பிளஸ் என்றால் ஒளியைக் குவிக்கும் லென்ஸ், மைனஸ் என்றால் விரிக்கும் லென்ஸ். குறி மாறினால் கண்ணாடியே மாறிவிடும். எண்ணுக்குப் பொருள் எளிது. 1 மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் குவியத்தூரம் வரும். +2.50 லென்ஸ் வெயிலை 40 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியாகக் குவிக்கும்.

ஆடிகளும் லென்ஸ்களும் பிம்பத்தை எங்கே உருவாக்கும் என்று கணக்கிடுவதில், மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இந்தக் குறிதான். அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது, ஒரு பக்கம் வெள்ளி பூசிய லென்ஸ். அது பாதி லென்ஸ், பாதி ஆடி. ஒளி அதற்குள் போய், பட்டுத் திரும்பி, வந்த வழியே வெளியேறுகிறது.

முதலில் விதி. பாடப்புத்தகங்கள் இதைக் கார்டீசியன் குறியீட்டு மரபு என்று சொல்லும். எல்லாத் தொலைவுகளையும் ஆடியின் முனையிலிருந்தோ லென்ஸின் மையத்திலிருந்தோ அளக்க வேண்டும். ஒளி போகும் திசையில் அளந்தால் பிளஸ், எதிர்த்திசையில் அளந்தால் மைனஸ். அச்சுக்கு மேலே உள்ள உயரம் பிளஸ், கீழே உள்ளது மைனஸ். பொருள் எப்போதும் ஒளி வரும் பக்கத்தில் இருப்பதால் அதன் தொலைவு u பெரும்பாலும் மைனஸ். பிம்பத்தின் தொலைவு v எந்தக் குறியில் வரும் என்பதைக் கணக்கே சொல்லட்டும். தெரியாத எண்ணுக்கு நாமாக ஒரு குறியை முன்கூட்டியே ஒட்டக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குவி லென்ஸும் குழியாடியும் ஒளியைக் குவிப்பவைதான். ஆனால் குவி லென்ஸின் குவியத்தூரம் பிளஸ், குழியாடியின் குவியத்தூரம் மைனஸ். லென்ஸ் வழியே ஒளி முன்னோக்கிப் போய்க் குவிகிறது. ஆடியில் பட்ட ஒளி திரும்பி வந்து, வந்த பக்கத்திலேயே குவிகிறது. குறி சொல்வது குவியம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே. ஒளியைத் திருப்பிவிடும் ஆடி, அளவுகோலின் திசையையும் மாற்றச் சொல்கிறது. இதனால்தான் இரண்டு சூத்திரங்களும் ஒரு குறியில் வேறுபடுகின்றன.

லென்ஸுக்கு: 1/v – 1/u = 1/f

ஆடிக்கு: 1/v + 1/u = 1/f

இனி ஒரு லென்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் 20 செ.மீ. ஆரத்தில் வளைந்த குவி முகம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. இதன் குவியத்தூரம், ஆரத்தை 0.5-ஆல் வகுத்தால் வரும் 40 செ.மீ. சீட்டு மொழியில் சொன்னால் +2.5. இதன் தட்டை முகத்தில் வெள்ளி பூசி, வளைந்த முகத்துக்கு 30 செ.மீ. முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை வைக்கிறோம். சுடரின் பிம்பம் எங்கே விழும்?

ஒளிக்கு மூன்று நிகழ்வுகள் காத்திருக்கின்றன. முதலில் லென்ஸ். u = –30, f = +40. கணக்குப் போட்டால் v = –120. சுடர் குவியத்தூரத்துக்கு உள்ளே இருப்பதால் இந்த லென்ஸால் ஒளியை முழுதாகக் குவிக்க முடியவில்லை. ஒளி 120 செ.மீ. முன்னாலிருந்து விரிந்து வருவதுபோல ஆகிறது. அடுத்து தட்டை ஆடி. 120 செ.மீ. முன்னால் இருப்பதை அது 120 செ.மீ. பின்னால் காட்டும். மூன்றாவதாக, திரும்பும் ஒளி மறுபடி லென்ஸைக் கடக்கிறது.

தவறு நடப்பது இந்த மூன்றாவது படியில்தான். பிம்பம் வெள்ளிக்குப் பின்னால் 120 செ.மீ. தொலைவில் இருப்பதால் u = +120 என்று பழைய அளவுகோலையே வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிச் செய்தால் v = +30 என்று வரும். வெள்ளிக்குப் பின்னால் 30 செ.மீ. தொலைவில் ஒரு மாயப்பிம்பம் என்று அதற்குப் பொருள். ஆனால் ஒளி இப்போது எதிர்த்திசையில் போகிறது. ஒளி போகும் திசைதான் பிளஸ் என்றால் அளவுகோலையும் திருப்பிப் பிடிக்க வேண்டும். அந்த 120 செ.மீ. இப்போது ஒளி வரும் பக்கம். எனவே u = –120, f = +40. இப்போது v = +60. திரும்பும் ஒளியின் திசையில் 60 செ.மீ., அதாவது லென்ஸுக்கு முன்னால், மெழுகுவர்த்திக்கும் அப்பால், ஒரு மெய்ப்பிம்பம்.

எந்த விடை சரி என்று கண்டறிய ஒரு வெள்ளைத்தாள் போதும். இருட்டறையில் லென்ஸைச் சற்றே சாய்த்து, 60 செ.மீ. தொலைவில் சுடருக்குப் பக்கவாட்டில் தாளைப் பிடித்தால் சுடர் தலைகீழாக, இரு மடங்கு உயரத்தில் அதில் விழும். மாயப்பிம்பம் ஒருபோதும் தாளில் விழாது. கணக்கில் குறி பிசகியதைத் தாளே சொல்லிவிடும்.

மூன்று படிகளையும் ஒரே வரியில் முடிக்கவும் வழி உண்டு. அதற்குத் திறன் என்ற அளவு உதவும். கண்ணாடிச் சீட்டில் இருப்பது அதுதான், அலகு டையாப்டர். இங்கே ஒரே கேள்விதான்: குவிக்கிறதா, விரிக்கிறதா? குவித்தால் லென்ஸானாலும் ஆடியானாலும் பிளஸ். குழியாடியின் குவியத்தூரம் மைனஸாக இருப்பதால், அதன் திறனை எழுதும்போது முன்னால் இன்னொரு மைனஸ் போட்டுப் பிளஸ் ஆக்கிக்கொள்வது வழக்கம். ஒளி லென்ஸை இரண்டு முறையும் ஆடியை ஒரு முறையும் சந்திக்கிறது. ஆகவே மொத்தத் திறன், லென்ஸின் திறனைப் போல இரு மடங்கோடு ஆடியின் திறனைக் கூட்டியது.

P = 2P(லென்ஸ்) + P(ஆடி)

நம் லென்ஸுக்கு 2 × 2.5 = 5. தட்டை ஆடியின் திறன் சுழி. மொத்தம் 5 டையாப்டர். வெள்ளி பூசிய இந்த லென்ஸ், 20 செ.மீ. குவியத்தூரமுள்ள ஒரு குழியாடிக்குச் சமம். f = –20, u = –30 என்று ஆடிச் சூத்திரத்தில் போட்டால் v = –60. மைனஸ் என்றால் ஆடிக்கு முன்னால். சுற்றுவழியில் கிடைத்த அதே 60 செ.மீ.

இப்போது தட்டை முகத்து வெள்ளியைத் துடைத்துவிட்டு, வளைந்த முகத்தில் பூசுவோம். தட்டை முகம் நம்மைப் பார்க்கிறது. அதே லென்ஸ், அதே +2.5. ஆனால் உள்ளே போகும் ஒளிக்கு வளைந்த முகம் இப்போது 20 செ.மீ. ஆரமுள்ள குழியாடி. அதன் குவியத்தூரம் 10 செ.மீ., திறன் 10. மொத்தம் 5 + 10 = 15 டையாப்டர். குவியத்தூரம் 6.7 செ.மீ.-க்குச் சுருங்கிவிட்டது. எந்த முகத்தில் பூசினோம் என்பது மட்டும் மாறியதில் திறன் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

இந்த வேறுபாட்டை ஆய்வக மேசையில் ஒரு குண்டூசியைக் கொண்டே அளக்கலாம். குழியாடியின் குவியத்தூரத்தைப் போல இரு மடங்கு தொலைவில் ஊசியை நிறுத்தினால், அதன் தலைகீழ்ப் பிம்பம் ஊசி இருக்கும் இடத்திலேயே விழும். தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனையும் பிம்பத்தின் முனையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் சேர்ந்தே நகர்ந்தால் இடம் சரி. இதைத்தான் இடமாறு தோற்றத்தை நீக்குதல் என்கிறோம். நம் லென்ஸில், தட்டை முகத்தில் வெள்ளி இருந்தால் ஊசி 40 செ.மீ.-ல் பொருந்தும். வளைந்த முகத்தில் இருந்தால் 13.3 செ.மீ.-ல்.

இந்த இரண்டு எண்களிலிருந்து கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே கிடைத்துவிடும். முதல் தொலைவு, ஆரத்தை (n – 1)-ஆல் வகுத்தது. இரண்டாவது, ஆரத்தை n-ஆல் வகுத்தது. இரண்டாவது ஏன் அப்படி? ஊசியிலிருந்து கிளம்பிய ஒளி வந்த தடத்திலேயே திரும்ப வேண்டுமென்றால், அது வளைந்த முகத்தில் செங்குத்தாகப் பட வேண்டும். அதாவது 20 செ.மீ. தொலைவில் உள்ள வளைவு மையத்திலிருந்து வருவதுபோல அது வர வேண்டும். 13.3 செ.மீ.-ல் நிற்கும் ஊசியைக் கண்ணாடிக்குள்ளிருந்து தட்டை முகம் வழியே பார்த்தால், அது ஒன்றரை மடங்கு தள்ளி, சரியாக அந்த 20 செ.மீ.-ல் இருப்பதாகத் தெரியும். 40-ஐ 13.3-ஆல் வகுத்தால் 3. அந்த 3 என்பது n/(n – 1). எனவே n = 1.5, ஆரம் 20 செ.மீ. கண்ணாடியை உடைக்காமல், அச்சுப் பிடிக்காமல் இரண்டும் தெரிந்துவிட்டன.

வெள்ளி பூசக்கூட வேண்டியதில்லை. முதல் அளவுக்கு லென்ஸின் தட்டை முகத்தை ஒரு சமதள ஆடிமேல் வைத்தால் போதும். பள்ளி ஆய்வகங்களில் குவி லென்ஸின் குவியத்தூரம் காண இந்த முறைதான். இரண்டாவதற்கு வளைந்த முகம் கீழே இருக்கும்படி கறுப்புத் துணிமேல் வைக்கலாம். பூச்சில்லாத கண்ணாடியும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மங்கலாக இருந்தாலும் பிம்பம் தெரியும். பின்முகத்தின் இந்த மங்கலான எதிரொளிப்பை வைத்து ஆரம் காண்பதற்குப் பாய்ஸ் முறை என்று பெயர்.

அந்த 4 சதவீதமே ஏமாற்றவும் செய்யும். முன்முகமும் தன் பங்குக்கு ஒரு பிம்பத்தைக் காட்டும். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் மாயப்பிம்பம். நமக்கு வேண்டியது தலைகீழ்ப் பிம்பம். நிமிர்ந்ததைப் பிடித்துக்கொண்டு ஊசியை எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. லென்ஸின் தடிமனும் சிறிது குறுக்கிடும். 5 செ.மீ. விட்டமுள்ள நம் லென்ஸின் நடுப்பகுதி குறைந்தது 1.6 மி.மீ. தடிமன் இருக்கும். அதனால் 13.3 செ.மீ. என்பது ஏறத்தாழ 1 மி.மீ. குறையும். மெல்லிய லென்ஸ் என்று வைத்துக்கொண்டதற்கு நாம் தரும் விலை அது.

குறியின் வேலையை நடைமுறையில் பார்க்க வேண்டுமானால் மாங்கின் ஆடியைப் பார்க்கலாம். 1870களில் அல்ஃபோன்ஸ் மாங்கின் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி தேடொளி விளக்குகளுக்காக வடிவமைத்தது அது. கோளவடிவக் குழியாடியில் ஒரு குறை உண்டு. ஓரத்தில் படும் கதிர்கள், நடுவில் படும் கதிர்களைவிட ஆடிக்கு அருகிலேயே குவிந்துவிடும். மாங்கின், நடு மெலிந்து ஓரம் தடித்த லென்ஸின் பின்முகத்தில் வெள்ளி பூசினார். அதாவது மைனஸ் லென்ஸ். ஆடியின் திறன் 10, லென்ஸின் திறன் –1 என்று வைத்துக்கொண்டால் நம் சூத்திரப்படி மொத்தம் 10 – 2 = 8. திறன் கொஞ்சம் குறைகிறது. ஆனால் விரிக்கும் லென்ஸ் ஓரக் கதிர்களை நடுக்கதிர்களைவிடக் கூடுதலாக விரிக்கும். ஒளி அதை இரண்டு முறை கடப்பதால் ஆடி கூடுதலாக வளைத்ததை லென்ஸ் ஈடுகட்டிவிடுகிறது. இந்த ஈட்டை நம் சூத்திரம் காட்டாது. அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஓரத்தில் நடப்பதை அறிய ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே வரைந்து பார்த்தாக வேண்டும்.