எந்த ஷாட்டில் எழுந்து போகிறார்கள்?

யூடியூபில் சேனல் நடத்துபவர்களுக்கு ஒரு வரைபடம் நன்கு பழக்கம். வீடியோ ஓட ஓட எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் இறங்குகோடு அது. மூன்றாவது நிமிடத்தில் கோடு சறுக்கினால் அங்கே ஏதோ பிடிக்கவில்லை என்பது தெரியும். எது பிடிக்கவில்லை என்பது தெரியாது. வரைபடத்துக்கு நிமிடமும் நொடியும்தான் தெரியும். எடிட்டிங் செய்பவரோ ஷாட்களாக யோசிக்கிறார்: பேசும் முகம், வெங்காயம் நறுக்கும் கை, கொதிக்கும் அண்டா. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று இணைக்க, வீடியோவில் கட் விழுந்த நேரங்களின் பட்டியல் வேண்டும். எடிட் செய்த ப்ராஜெக்ட் கையில் இருந்தால் அதிலிருந்தே எடுத்துவிடலாம். பழைய வீடியோக்களுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. முடித்து ஏற்றிய ஒரே கோப்புதான் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கோப்பிலிருந்தே கட்களைக் கண்டுபிடித்துத் தரும் இலவசப் பைத்தான் நிரல் ஒன்று இருக்கிறது. பெயர் பைசீன்டிடெக்ட். அது செய்யும் வேலை புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஒவ்வொரு ஃபிரேமிலும் உள்ள புள்ளிகளின் நிறம், நிறத்தின் அடர்த்தி, வெளிச்சம் மூன்றையும் எடுத்து, முந்தைய ஃபிரேமில் அதே இடத்தில் இருந்த புள்ளிகளோடு ஒப்பிடுகிறது. மாற்றங்களின் சராசரியாக ஓர் எண் கிடைக்கும். ஒரே ஷாட்டுக்குள் அந்த எண் சிறியதாகவே இருக்கும். கட் விழும் இடத்தில் திடீரென்று எகிறும். எல்லையை நாம் மாற்றாவிட்டால், 27-ஐத் தாண்டியதைக் கட் என்று குறித்துக்கொள்ளும்.

இந்த நேர்வழி முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. கேமராவை வேகமாகத் திருப்பினாலோ, லென்ஸுக்கு முன்னால் கை குறுக்கே போனாலோ, கல்யாண வீட்டில் ஃபிளாஷ் அடித்தாலோ எண் எகிறிவிடும். இல்லாத கட் பட்டியலில் ஏறிவிடும். அதனால் இதே நிரலில் இருக்கும் இரண்டாவது முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அது ஒரு ஃபிரேமின் மாற்றத்தை அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. கேமரா திரும்பும்போது அக்கம்பக்கத்து ஃபிரேம்கள் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் அது கட் என்று ஏமாறுவது குறைவு. எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```python
from scenedetect import detect, AdaptiveDetector

shots = detect("biryani.mp4", AdaptiveDetector())
for n, (a, b) in enumerate(shots, 1):
    print(n, a.get_seconds(), b.get_seconds())
```

ஒவ்வொரு ஷாட்டும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பது வரிசையாக வந்துவிடும். ஒப்பிடுவதற்கு இந்தப் பட்டியலே போதும். வீடியோவைத் துண்டு துண்டான கோப்புகளாகப் பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்க விரும்புபவர்களுக்கு `split-video` என்ற கட்டளை இருக்கிறது. அதற்குக் கணினியில் `ffmpeg` இருக்க வேண்டும். அதில் வேகத்துக்காக `--copy` சேர்த்தால் வெட்டு சரியான ஃபிரேமில் விழாது. அருகிலுள்ள கீஃபிரேமுக்கு நகர்ந்துவிடும். முந்தைய ஷாட்டின் வால் அடுத்த துண்டின் தலையில் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்ணால் சரிபார்க்க ஒரு கட்டளை:

```
scenedetect -i biryani.mp4 detect-adaptive list-scenes save-images
```

ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒரு படத்தைச் சேமித்துத் தரும். அடுத்தடுத்த இரண்டு ஷாட்களில் முந்தையதன் கடைசிப் படமும் பிந்தையதன் முதல் படமும் ஒரே காட்சியாக இருந்தால் அங்கே கட் இல்லை, நிரல் ஏமாந்திருக்கிறது. ஒரு ஷாட்டின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் நடுவில் ஒரு கட்டைத் தவறவிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் டிசால்வ் அங்கே இருக்கும். அதில் மாற்றம் பல ஃபிரேம்களில் பரவிவிடுவதால் எந்த ஓர் இடத்திலும் எண் எகிறுவதில்லை. கடைசி ஷாட் முடியும் நேரமும் வீடியோவின் மொத்த நீளமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கைபேசியில் எடுத்த பதிவுகளில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கு நிலையாக இருப்பதில்லை. அவற்றில் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போகலாம். ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி எடுத்த சொற்பொழிவில் கட்டே இல்லாததால் பட்டியல் காலியாகத்தான் வரும். அது நிரலின் பிழை அல்ல.

இனி மறுபாதி. பார்வையாளர் கணக்கை யூடியூபின் அனலிட்டிக்ஸ் சேவை, வீடியோவின் சொந்தக்காரருக்கு மட்டும், எண்களாகவே தருகிறது. `elapsedVideoTimeRatio` என்பது வீடியோவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது. `audienceWatchRatio` என்பது அந்தப் பகுதி பார்க்கப்பட்ட தடவைகளை வீடியோவின் மொத்தப் பார்வைகளால் வகுத்தது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு வரம்பு இருக்கிறது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் கிடைப்பது 100 புள்ளிகள்தான். 20 நிமிட வீடியோ என்றால் 1,200 நொடி. ஒரு புள்ளிக்கு 12 நொடி. இரண்டு மணி நேர நேரலை என்றால் ஒரு புள்ளிக்கு 72 நொடி. ஷாட்டின் எல்லையை நொடியில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டு, 12 நொடிக்கு ஒருமுறை அளந்த எண்ணால் அதை மதிப்பிடப்போகிறோம். மூன்று நொடி ஷாட் நன்றாக இருந்ததா என்று இந்தக் கணக்கைக் கேட்பது மூட்டை எடை போடும் தராசில் ஏலக்காய் நிறுப்பதைப் போன்றது.

ஆகவே சின்ன ஷாட்களைச் சேர்க்க வேண்டும். 20 நிமிட சீரகச் சம்பா பிரியாணி வீடியோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று மூன்று மூன்று நொடியாகத் தாவும் அண்மைக் காட்சிகளைச் சேர்த்து ‘மசாலா அறிமுகம்’ என்று ஒரே பகுதியாக்குகிறோம். ஒரு பகுதி குறைந்தது மூன்று புள்ளிகளாவது, அதாவது 36 நொடியாவது இருக்கட்டும். இந்தச் சேர்ப்பைக் கணினியிடம் விடாமல், சேமித்த படங்களைப் பார்த்துக் கையால் செய்வதே நல்லது. ஷாட்டில் என்ன இருக்கிறது என்பது நிரலுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பகுதிக்கும் ‘முகம்’, ‘கை’, ‘அடுப்பு’ என்று ஒரு வகைப்பெயரும் எழுதிவையுங்கள், பின்னால் உதவும்.

அடுத்து ஒப்பீடு. ஒவ்வொரு பகுதியிலும் சராசரியாக எத்தனை சதவீதம் பேர் இருந்தார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்துவதுதான் முதலில் தோன்றும். அது தவறான வரிசையைத் தரும். வீடியோ போகப் போக ஆட்கள் குறைவது இயல்பு. அந்தக் கணக்கில் முதலில் வரும் ஷாட்தான் எப்போதும் ஜெயிக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பகுதி தொடங்கும்போது இருந்தவர்களில் எத்தனை பேரை இது இழந்தது?

நம் வீடியோவில் ஒன்றாவது நிமிடத்திலிருந்து இரண்டாவது நிமிடம் வரை அரிசி ஊறவைக்கும் பகுதி என்று வைத்துக்கொள்வோம். அங்கே எண் 0.80-லிருந்து 0.72-க்கு இறங்குகிறது. பத்தாவது நிமிடத்தில் சமையல்காரர் கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் பேசுகிறார், அங்கே 0.40-லிருந்து 0.34. வரைபடத்தில் முதல் சரிவுதான் பெரியதாகத் தெரியும், 8 புள்ளி. இரண்டாவது 6 தான். ஆனால் முதல் பகுதி தன் பார்வையாளர்களில் பத்தில் ஒரு பங்கை இழந்தது. இரண்டாவது நூற்றுக்குப் பதினைந்து பேரை இழந்தது. திருத்த வேண்டியது பேச்சுப் பகுதியை. நீளம் வேறுபடும் பகுதிகளையும் சமமாக ஒப்பிட, நிமிடத்துக்கு எவ்வளவு இழப்பு என்று லாகரிதத்தில் கணக்கிடலாம்:

```python
import numpy as np

t = (ratio - 0.005) * 1200   # புள்ளியின் நடு நொடி
def loss(a, b):
    ra, rb = np.interp([a, b], t, watch)
    return np.log(ra / rb) / (b - a) * 60
```

இதில் `ratio`, `watch` இரண்டும் யூடியூப் தந்த இரண்டு வரிசைகள். நம்பை அணிகளாகக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன இரு பகுதிகளுக்கும் விடை ஏறத்தாழ 0.105, 0.163 என்று வரும். எண் பெரியதானால் இழப்பு அதிகம்.

விடை எதிர்மறையாக வந்தால் பதற வேண்டாம். அந்தப் பகுதியில் எண் ஏறியிருக்கிறது என்று பொருள். அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இரு பக்கத்தையும்விட உயர்ந்த ஒரு மேடு தெரிந்தால், ஆட்கள் பின்னால் போய்த் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மசாலா அளவுகள் திரையில் சீக்கிரம் மறைந்துவிடும் இடத்தில் இப்படி ஆகும். அதை வெற்றி என்று கொண்டாடுவதைவிட, அந்த அளவுகளை இன்னும் சற்று நேரம் திரையில் நிறுத்துவது நல்லது என்பேன். முன்னால் ஒரு பள்ளம் இருந்து, அதன் பிறகு எண் பழைய நிலைக்கு ஏறினால், முந்தைய பகுதியைத் தாண்டிக் குதித்து இங்கே வந்திருக்கிறார்கள். குறை அந்த முந்தைய பகுதியில்.

முதல் அரை நிமிடத்தையும் விடைபெறும் கடைசிப் பகுதியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தலைப்பையும் முகப்புப் படத்தையும் பார்த்து வேறெதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் தொடக்கத்திலேயே போய்விடுவார்கள். அந்தப் பழியை முதல் ஷாட்டின் மேல் போட முடியாது. பார்வையாளர் எண்ணிக்கையும் போதுமான அளவு வேண்டும். 400 பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் 40 பேர் போனால், தற்செயலாக அது 34-ஆகவோ 46-ஆகவோ ஆகியிருக்கலாம் என்ற அளவு தடுமாற்றம் இயல்பு. 40 பேரில் 4 பேர் போனது என்றால், அது 2-ஆகவோ 6-ஆகவோ இருந்திருக்கலாம். அதை வைத்து எந்த ஷாட்டையும் தீர்ப்பிடக் கூடாது. இன்னொன்று, ஏற்றிய பிறகு யூடியூபிலேயே நடுவில் ஒரு பகுதியை வெட்டியிருந்தால் உங்கள் கோப்பின் நொடிகளும் அவர்கள் கணக்கின் நொடிகளும் பொருந்தாது. இப்போது அங்கே ஓடும் வடிவத்தையே பதிவிறக்கி அலச வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே வீடியோவை வைத்து, ‘முகம் தெரியும் ஷாட் வேண்டாம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்ன பேசினார் என்பதும், அதற்கு முன் தம் போட்டு மூடியபோதே பலருக்கு வேலை முடிந்துவிட்டதா என்பதும் அதே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. இங்கேதான் எழுதிவைத்த வகைப்பெயர்கள் பயன்படும். பத்துப் பன்னிரண்டு வீடியோக்களில் ‘முகம்’ பகுதிகளை எல்லாம் ஒரு பக்கமும் ‘அடுப்பு’ பகுதிகளை எல்லாம் ஒரு பக்கமும் வைத்து, வீடியோவில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வருபவற்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே வகை திரும்பத் திரும்ப ஆட்களை இழந்தால், அடுத்த வீடியோவில் அந்த வகையை மட்டும் பாதியாகக் குறைத்து, மற்றவற்றைத் தொடாமல் ஏற்றுங்கள்.