டெல்லி மெட்ரோவில் மகளிர் பெட்டி எங்கே நிற்கும்?

டெல்லி மெட்ரோவில் ஏறப்போகும் பெண், வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேர் எதிர் முனைக்கு நடந்தால் மகளிர் பெட்டி வந்து நிற்கும் இடம். தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் அடையாளமும் இருக்கும். வண்டி ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு என்பதுதான் விதி. 2010 அக்டோபர் 2 முதல் இது நடப்பில் இருக்கிறது.

இந்த விதிப்படி, எந்தப் பெட்டியும் நிரந்தரமாக மகளிர் பெட்டி அல்ல. மஞ்சள் தடத்தில் வடக்கே சமய்பூர் பாத்லியிலிருந்து தெற்கே குருகிராமுக்கு ஒரு வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். தென்கோடிப் பெட்டியில் பெண்கள் இருப்பார்கள். கடைசிப் பெட்டியில் ஆண்களும் இருப்பார்கள். குருகிராமிலிருந்து அதே வண்டி வடக்கே திரும்பும்போது, அந்தக் கடைசிப் பெட்டிதான் முதல் பெட்டி. இனி அது பெண்களுக்கு. முனைய நிலையத்தில் ஆண்கள் தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தினமும் போய்வருகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. காலையில் வடக்கே போய் இறங்கும் பெண் நடைமேடையின் வடகோடியில் இறங்குவார். மாலையில் வீடு திரும்ப அதே நிலையத்தின் தென்கோடிக்குப் போய் நிற்க வேண்டும். எட்டுப் பெட்டி வண்டி என்றால் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய 180 மீட்டர். படிக்கட்டு தவறான முனையில் அமைந்துவிட்டால் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் நடக்க வேண்டும். அவசரத்தில் வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், தடையில்லை. அங்கேயும் பெண்களுக்கென இருக்கைகள் உண்டு.

நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை, ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த விதி பொருந்தும். மீறும் ஆண்களுக்கு 250 ரூபாய் அபராதம் விதித்து வந்திருக்கிறார்கள். ஆனால் மெட்ரோ பெட்டிகளுக்கு நடுவே கதவு கிடையாது. வண்டிக்குள்ளேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். நெரிசல் நேரத்தில் முதல் பெட்டியும் இரண்டாம் பெட்டியும் சேரும் இடத்தில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். எல்லை மெல்ல உள்ளே நகர்ந்துவிடும். காவலர்கள் வந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

மும்பை லோக்கலில் கதை வேறு. அங்கே மகளிர் பெட்டி தடுப்புச் சுவரோடு தனியாக இருக்கும். வண்டி எந்தத் திசையில் ஓடினாலும் பெட்டி மாறாது. ஆனால் நேரம் மாறும். சில பெட்டிகள் 24 மணி நேரமும் பெண்களுக்கு. வேறு சில, இரவில் பொதுப் பெட்டியாகிவிடும். எது எப்படி என்பதைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே எழுதியிருப்பார்கள். இரவில் தனியாகப் போகிறவர்கள் ஏறும் முன் அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஏறுவது நல்லது.